50–30–20 கணக்கும் ஈஜிபுராவின் ஓர் அறை வீடும்

கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தேவைகளுக்கும், நூற்றுக்கு முப்பதை விருப்பங்களுக்கும், மீதி இருபதைச் சேமிப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்கிற விதியை இன்று அறியாதவர் குறைவு. பணத்தைப் பற்றிப் பேசும் எந்தத் தமிழ்க் காணொலியைத் திறந்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் அது வந்துவிடுகிறது. பெங்களூரில் அலுவலகக் கட்டடங்களுக்குத் துப்புரவுப் பணியாளர்களை அனுப்பும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை என்பதால், மாதம் பதினைந்தாயிரம், பதினாறாயிரம் கைக்கு வாங்கும் பலர் இந்த விதியைச் சொல்லி, தம்மால் ஏன் இது முடியவில்லை என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வருமானம் போதவில்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கணக்கை வரிவரியாக எழுதிப் பார்த்தபோது, விதி உடைகிற இடம் அந்த விழுக்காடுகளில் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. தேவை, விருப்பம், சேமிப்பு என்ற மூன்று பெட்டிகளும், மாதம் என்ற அளவுகோலும்கூட அந்தக் குடும்பத்தின் பணம் போகும் பாதைக்குப் பொருந்தவில்லை.

முதலில் விதியின் பிறப்பைப் பார்த்துவிடலாம். இதைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமீலியா வாரன் தியாகியும். 2005-இல் வெளிவந்த ‘ஆல் யுவர் வொர்த்’ என்ற நூலில் இந்தப் பகிர்வு இருக்கிறது. வாரன் அப்போது திவால் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர். அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள், இருவர் சம்பாதித்தும் ஏன் கடனில் மூழ்குகின்றன என்பதை ஆராய்ந்தவர். பெரிய வீட்டுக்கடன், கார்க்கடன் போன்ற நிலையான செலவுகள் சம்பளத்தைக் கவ்விக்கொள்கின்றன என்பதே அவர் கண்டது. எனவே தேவைகளுக்கு 50 என்பது அங்கே ஓர் எச்சரிக்கைக் கோடு: அதைத் தாண்டினால் வீட்டைச் சிறிதாக்கு, காரை மாற்று என்பது அதன் உட்பொருள். சிறிதாக்குவதற்கு ஏதேனும் இருப்பவர்களுக்கு அது நல்ல கோடுதான். எனக்கு அதில் மறுப்பில்லை.

இனி நான் சொன்ன குடும்பம். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பெங்களூரின் ஈஜிபுராவில் ஓர் அறையும் சமையல் மேடையும் கொண்ட ஷீட் வீட்டில் குடியிருப்பவர்கள். கணவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுப் பிரிவில் இருக்கிறார். மொத்தச் சம்பளம் 17,500 ரூபாய். அதில் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 132 போக 15,568 அவர் கணக்கில் விழுகிறது. மனைவி நடந்து போகும் தூரத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்து 4,000, 3,500, 3,000 என்று 10,500 சம்பாதிக்கிறார். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அக்கா என்பேன். கணவரின் பி.எஃப். கணக்கில் பெயர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவரோடு பேசிக்கொண்டிருந்ததில்தான் இந்தக் கணக்கு எழுதப்பட்டது. பிள்ளைகள் இருவர்: பெரியவள் அரசுப் பள்ளியில், சின்னவன் ஆங்கில வழித் தனியார் பள்ளியில்.

ஆக, கைக்கு வருவது 26,068. விதிப்படி இதில் தேவைக்கு 13,000, விருப்பத்துக்கு 7,800, சேமிப்புக்கு 5,200 என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் நடப்பது வேறு. வாடகை 7,500, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் வீட்டுக்காரர் வாங்குவது 600. அரிசி, பருப்பு, எண்ணெய், காய், பால், முட்டை, மாதம் இரண்டு தடவை கோழி, இவற்றோடு கேஸ் சிலிண்டரும் சேர்ந்து 8,900. கணவரின் பஸ் பாஸ் 1,200, இரண்டு போன்களுக்கு 500, மருந்து மாத்திரைக்கு 600. மகளிர் குழுவில் வாங்கிய 40,000 ரூபாய்க் கடனுக்கு மாதத் தவணை 2,115. ஊரில் இருக்கும் மாமியாருக்கு 1,500. கூட்டினால் 22,915, அதாவது வருமானத்தில் நூற்றுக்கு 88. பள்ளிச் செலவு ஆண்டுக்கு 30,000. அதைப் பன்னிரண்டால் வகுத்து 2,500 சேர்த்தால் 25,415 ஆகிவிடுகிறது. இந்தச் செலவு வருமானத்தில் பாதியாக இருக்க வேண்டுமானால் அவர்கள் மாதம் 50,830 ரூபாய் சம்பாதிக்க வேண்டும். விதி யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

இதில் புதுமை ஏதுமில்லை. வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளைக் கொண்டு 1857-லேயே காட்டிவிட்டார். நம் நாட்டில் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நகர்ப்புற இந்தியரின் சராசரிச் செலவிலேயே உணவின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 40 ஆக இருந்தது. அது பணக்காரரையும் சேர்த்து எடுத்த சராசரி. உணவே இவ்வளவு எடுத்துக்கொள்ளும் ஊரில் வாடகை, பயணம், மருந்து எல்லாவற்றையும் மீதிப் பத்துக்குள் அடக்கு என்று ஒரு விதி சொல்லுமானால், குறை செலவு செய்பவரிடம் இல்லை.

அப்படியானால் வாடகையைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, சந்தாபுரா பக்கம் போனால் 5,000 ரூபாய்க்கு இதே அளவு வீடு கிடைக்கலாம், மாதம் 2,500 மிச்சம் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். ஆனால் அக்காவின் மூன்று வீடுகளும் இப்போதைய வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கின்றன. காலை ஆறரைக்கு முதல் வீடு, எட்டரைக்கு இரண்டாவது, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் மூன்றாவது என்று அந்த நேரங்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதே அருகில் இருப்பதால்தான். வீடு மாறினால் 2,500 மிச்சமாகும், 10,500 போகும். புதிய இடத்தில் வேலை கிடைக்கும் என்றாலும் அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு மேல், பெங்களூர் வழக்கப்படி வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். அந்த 7,500-ஐ மீட்கவே மூன்று மாத மிச்சம் வேண்டும். நடுத்தரக் குடும்பத்தில் வீடு என்பது வருமானத்திலிருந்து போகும் செலவு. இங்கே அந்த வீடு இருக்கும் இடமே வருமானத்தைத் தருகிறது. செலவுப் பக்கத்தில் கை வைத்தால் வரவுப் பக்கம் சரிகிற இந்தப் பிணைப்பை மூன்று பெட்டிகளில் எதிலும் எழுத இடமில்லை.

விருப்பங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போன் விருப்பம் என்பார்கள். ஆனால் நாளைக்கு வர வேண்டாம், மறுநாள் சீக்கிரம் வா என்ற செய்தியும் சம்பளமும் அதன் வழியாகத்தான் வருகின்றன. மாமியாருக்கு அனுப்பும் பணத்தை விருப்பம் என்று எந்த மருமகளிடம் போய்ச் சொல்வது? ஊர்க் கல்யாணங்களில் வைக்கும் மொய்யோ நோட்டுப் புத்தகத்தில் பேரோடு ஏறி, தம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும் பணம். அதைச் செலவென்றும் சேமிப்பென்றும் ஒரே சமயத்தில் சொல்லலாம். இவை போக உண்மையான விருப்பம் என்று நான் கண்டது ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியும் சின்னவனின் ஐஸ்கிரீமும்தான்.

சேமிப்புப் பெட்டிதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. சேமிக்கிறீர்களா என்று கேட்டதும் அக்கா உடனே, “சீட்டு போடுறேனே தம்பி, ரெண்டாயிரம் ரூபா சீட்டு” என்றார். ஆலோசகர் யாராவது இருந்திருந்தால் உடனே நூற்றுக்கு எட்டு சேமிப்பு என்று எழுதிக்கொண்டு பாராட்டியிருப்பார். அந்தச் சீட்டைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இருபது பேர், ஆளுக்கு 2,000, ஆக மாதம் 40,000 ரூபாய்ச் சீட்டு. ஏலச்சீட்டு. மார்ச்சில் தொடங்கியது. ஜூனில், அதாவது நான்காம் மாதத்தில், அக்கா 8,000 ரூபாய் தள்ளிக் கேட்டு 32,000-க்குச் சீட்டை எடுத்தார். அந்த 8,000-இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 2,000 போக மீதி 6,000 இருபது பேருக்கும் கழிவாகப் பிரிந்தது. அதனால் ஒவ்வொருவரும் அந்த மாதம் 300 குறைத்துக் கட்டினார்கள். முதல் நான்கு மாதங்களில் இப்படி 1,700 வீதம் அவர் கட்டியது 6,800. கைக்கு வந்தது 32,000. ஆக அவர் உண்மையில் வாங்கியது 25,200 ரூபாய்க் கடன். கடைசி மாதங்களில் தள்ளிக் கேட்பவர் குறைவதால் கழிவும் குறையும். எனவே மீதிப் பதினாறு மாதங்களுக்குச் சராசரியாக 1,850 கட்டுவார் என்று வைத்தால் மொத்தம் 29,600. வட்டியாகக் கணக்கிட்டால் மாதம் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. தெருவில் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கொடுப்பவரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் இது சேமிப்பு இல்லை. பத்தொன்பதாவது, இருபதாவது மாதத்தில் எடுப்பவருக்கு அதே சீட்டு சேமிப்பு. ஒரே சீட்டு, ஒரே தொகை, எந்த மாதத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கடனாகவும் இன்னொருவருக்குச் சேமிப்பாகவும் இருக்கிறது. (பதிவு செய்த சீட்டு நிறுவனங்களில் நடத்துபவரின் கமிஷனுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 2019 திருத்தத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழாக உயர்ந்தது. தெருவில் நடக்கும் சீட்டுக்கு அந்த வரம்பும் இல்லை, ஆள் ஓடிவிட்டால் கேட்க நாதியும் இல்லை. ஆனாலும் நடத்துபவரைப் பதினைந்து ஆண்டாகத் தெரியும் என்பதே அங்கே ஜாமீன்.)

ஏன் நான்காம் மாதமே எடுக்க வேண்டும்? இதற்கான விடை மாதக் கணக்கில் தெரியாது, நாட்காட்டியில்தான் தெரியும். மே மாதத்தில் அக்கா வேலை செய்யும் இரண்டு வீட்டுக்காரர்கள் விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்விடுவார்கள். வேலை இல்லாத மாதத்துக்குச் சம்பளம் தருவதில்லை. வருமானத்தில் 6,500 குறையும். அடுத்த மாதமே சின்னவனின் பள்ளிக் கட்டணம் 24,000, இரண்டு பேருக்கும் நோட்டு, சீருடை, ஷூ எல்லாம் சேர்த்து 6,000. மே, ஜூன் இரண்டு மாதத்திலும் சேர்த்து வருவது 45,636. வழக்கமான செலவும் பள்ளிச் செலவும் சேர்ந்து 75,830. இடைவெளி 30,194. அந்த இரண்டு மாதச் சீட்டுத் தவணையையும் சேர்த்தால் 33,594. சீட்டில் வந்தது 32,000. மீதி 1,600 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மளிகைக் கடை அண்ணன் கணக்கில் எழுதிக்கொண்டாராம். படிப்பு வாசனை அதிகம் இல்லாத அந்த அக்கா, எந்த விதியும் கேட்காமல், தன் பள்ளத்தின் அளவுக்குச் சரியாக ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எனக்கு அதில் வியப்பை விட மரியாதைதான் வந்தது.

இப்படிப் பார்த்தால் சீட்டுத் தவணையும் பள்ளிச் செலவும் ஒன்றுதான். இரண்டையும் தனித்தனியாக எழுதினால் இரட்டைக் கணக்கு ஆகிவிடும். பள்ளிக்கென்று மாதம் 2,500 ஒதுக்குவதை நீக்கி, சீட்டுக்கு 1,850 என்று எழுதினால் மாதச் செலவு 24,765 ஆகும். மிச்சம் 1,300 ரூபாய். துணிமணி, பண்டிகை, காய்ச்சல், ஊருக்குப் போய்வருதல் எல்லாம் இந்த 1,300-க்குள். தீபாவளிக்கு மூன்று வீட்டிலும் ஒரு மாதச் சம்பளம் போனஸாகத் தருகிறார்கள், அது 10,500. ஆண்டுக்கணக்கில் அந்த போனஸ் மே மாத இழப்பை ஈடுகட்டி மேலே நாலாயிரம் மிஞ்சுகிறது. ஆனால் இழப்பு மே மாதத்தில் வருகிறது, போனஸ் ஐப்பசியில் வருகிறது. இந்தக் குடும்பத்தின் பாடு முழுவதும் இந்த இடைவெளியில் அடங்கியிருக்கிறது. ஆண்டுச் சராசரியில் தள்ளாடாமல் நிற்கும் கணக்கு இரண்டு மாதத்தில் 30,000 பள்ளத்தில் விழுகிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்டுவதற்குக் கொடுக்கும் விலைதான் தள்ளிக் கேட்ட அந்த 8,000.

விதியின் கண்ணில் படாத சேமிப்பும் இந்த வீட்டில் இருக்கிறது. கணவர் சம்பளத்தில் பிடிக்கும் 1,800 பி.எஃப்.-க்கு நிறுவனமும் 1,800 போடுகிறது. நிறுவனத்தின் பங்கில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, மாதம் 2,350 அவர் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. 2024-25-இல் அதற்கு வட்டி நூற்றுக்கு 8.25. கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது இது கணக்கிலேயே வருவதில்லை. அதே போல வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கும் 50,000 அட்வான்ஸும் அவர்கள் சேர்த்த பணம்தான். ஆக இந்தக் குடும்பம் சேமிக்கவில்லை என்பது தவறு. சேமித்தது அத்தனையும் ஜூன் மாதத்தில் எடுக்க முடியாத இடங்களில் இருக்கிறது என்பதே சரி. பி.எஃப்.-இல் பகுதித் தொகை எடுக்க வழி உண்டு என்றாலும், ஒப்பந்தக்காரர் மாறும்போது பழைய கணக்கு புதிய கணக்கோடு சேராமலும், ஆதாரில் ஒரு விதமாகவும் பி.எஃப்.-இல் ஒரு விதமாகவும் பெயர் இருப்பதாலும், விண்ணப்பம் திரும்பி வருவதை என் மேஜையில் தினமும் பார்க்கிறேன். இதை வேலை மாறிய முதல் மாதமே சரிபார்த்துவிட வேண்டும். பணம் தேவைப்படும் மாதத்தில் பார்க்கத் தொடங்கினால் அந்த மாதம் போய்விடும்.

அடுத்தது குழுக் கடன். 40,000 ரூபாய், 24 மாதம், மாதம் 2,115 என்றால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 24. அமெரிக்க விதிப்படி கட்டாயத் தவணை தேவைப் பெட்டியில் சேரும், அதற்கு மேல் அடைப்பது சேமிப்புப் பெட்டியில் சேரும். இங்கே மேலே அடைக்க ஒன்றுமில்லை. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அக்கா கடன் வாங்கியபோது அவருக்கு இரண்டு வீடுகளே இருந்ததால் வருமானம் அந்த 3 லட்சத்துக்குள் அடங்கியது. பாதி என்பது கடன் கொடுப்பவருக்கு வைத்த கடிவாளம், நல்லதுதான். ஆனால் வாடகையும் உணவும் பஸ்ஸுமே மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும் வீட்டில், வருமானத்தில் பாதி வரை தவணை போகலாம் என்பது எந்த ஆபத்தையும் தடுக்காது. நடைமுறையில் கடன் முடியும் மாதத்தில் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, “ஒழுங்கா கட்டினீங்க, அடுத்தது அறுபதாயிரம் எடுத்துக்கோங்க” என்பார். குழுவில் மற்றவர்கள் எடுத்தால் நாமும் எடுக்க வேண்டும் என்ற நெருக்கடியும் இருக்கும்.

என் பார்வையில் இப்படிப்பட்ட குடும்பத்துக்கு வரவுசெலவுத் திட்டம் என்பது மாதாமாதம் பங்கு பிரிப்பதில் இல்லை. ஆண்டில் ஓரிரு முறை வரும் இந்த முடிவுகளில்தான் இருக்கிறது. அக்காவின் கடன் வருகிற நவம்பரில் முடிகிறது. அடுத்த கடனை எடுக்காவிட்டால் டிசம்பர் முதல் மாதம் 2,115 விடுபடும். ஏற்கெனவே கட்டிப் பழகிய பணம் என்பதால் எதையும் புதிதாகச் சுருக்க வேண்டியதில்லை. அதை அப்படியே வங்கியில் ஆர்.டி.யாகப் போட்டால் மே வரை ஆறு மாதத்தில் 12,690 சேரும். தீபாவளி போனஸிலிருந்து 5,000 அதோடு வைத்தால் 17,690. இதற்குள் பள்ளியில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கட்டணத்தை ஜூனிலும் நவம்பரிலும் இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆக ஜூனில் 12,000-மும் நோட்டுக்கும் சீருடைக்கும் 6,000-மும் சேர்த்து 18,000. கையில் இருப்பதற்கும் தேவைக்கும் 310 ரூபாய்தான் வித்தியாசம். ஜூனிலிருந்து நவம்பர் வரை அதே 2,115-ஐப் போட்டால் 12,690. இரண்டாம் தவணை 12,000 முடிந்துவிடும். அக்டோபரில் சீட்டும் முடிந்திருக்கும். அதற்குப் பின் அவர் இன்னொரு சீட்டில் சேரலாம். கடைசியில் எடுப்பவராகச் சேரலாம்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மே மாதத்தில் குறையும் 6,500-க்கு மாத மிச்சம் 1,300 போனாலும் 5,200 இடிக்கிறது. போனஸின் மறுபாதியை அதற்கென்று எடுத்துவைத்தால் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை. விருப்பத்தைக் குறை என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் நிற்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. மே மாதத்துக்கும் பாதிச் சம்பளம் தர முடியுமா என்று அந்த இரண்டு வீடுகளிலும் இப்போதே, விடுமுறைக்கு ஆறு மாதம் முன்பே கேட்டுவைக்கலாம் என்றேன். அவர்களும் கேட்டால் தரக்கூடியவர்கள்தான், ஆனால் சூட்கேஸ் கட்டும் நாளில் கேட்டால் தரமாட்டார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய தொகை ஒரு ரேஷன் கார்டில் இருக்கிறது. கர்நாடகத்தின் கிருஹலட்சுமித் திட்டத்தில், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்ணுக்கு, அவரோ கணவரோ வருமான வரி கட்டாதவரானால், மாதம் 2,000 ரூபாய். கார்டு வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளவர்களின் கார்டாக இருந்தாலும் சரிதான். அக்கா குடும்பத்தின் பெயர்கள் இன்னும் திருப்பத்தூர்க் கார்டில், மாமியார் தலைமையில் இருக்கின்றன. அங்கே தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகை மாமியாருக்குத்தான் போகிறது. இவர்கள் தங்கள் பெயர்களை நீக்கி இங்கே தனிக் கார்டு வாங்கினாலும் மாமியார் தலைவியாகவே தொடரலாம். தடையாக இருப்பது முகவரிச் சான்று. ஷீட் வீட்டுக்கு ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தர வீட்டுக்காரர்கள் எளிதில் இசைவதில்லை. ஆதாரில் திருப்பத்தூர் முகவரி இருப்பதால் 2023 ஜூனிலிருந்து கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் இருக்கும் இலவசப் பயணமும் அக்காவுக்குக் கிடையாது. நூற்றுக்கு இத்தனை என்று எந்தப் பெட்டியிலிருந்து சுரண்டினாலும் மாதம் 2,000 கிடைக்காத வீட்டில், ஒரு பத்திரத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்து அதைக் கொண்டுவந்துவிடும். அந்தத் தொகை சில மாதம் தாமதமாக வருவதுண்டு என்பதால் அதை வாடகைக்கு நம்பக் கூடாது. மே மாத ஓட்டையை அடைப்பதற்கு அது தாராளம்.

சம்பளம் கணவருக்கு ஏழாம் தேதிக்குள் வருகிறது, அக்காவுக்கு மூன்று வீட்டிலும் ஐந்துக்குள் வந்துவிடும், வாடகையும் ஐந்தாம் தேதி. எனவே ஆர்.டி. பிடிக்கும் நாளைப் பத்தாம் தேதியாக வைக்கச் சொன்னேன். முதல் தேதி என்று வைத்தால் கணக்கில் பணமில்லாமல் தவணை தவறும். கணவரின் சம்பளக் கணக்கில் வேண்டாம், தன் பெயரிலேயே இருக்கட்டும் என்றார் அக்கா. அதற்கு பான் கார்டு இல்லாவிட்டாலும், அதற்குப் பதிலாக உள்ள படிவத்தை வங்கியில் நிரப்பிக் கொடுத்தால் போதும். ஏஜென்ட் நவம்பரில் வருவார். ஆர்.டி. போடுவதற்கான கணக்கை அக்டோபரிலேயே திறந்துவைத்துவிட்டால், அறுபதாயிரம் என்று அவர் வாயெடுக்கும்போது, அடுத்த மாதத் தவணைக்கு ஏற்கெனவே வேறு இடம் சொல்லியாயிற்று என்று பதில் சொல்லலாம்.